பொது ரூப்ரிக்கை முடிவு செய்யும் முன்: கோத்தகிரி வட்டாரத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைக்கான நம் வரைவு ரூப்ரிக்கில் சான்றுக்கும் கையெழுத்துக்கும் ஒரே மதிப்பெண். அதை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பும் முன், ஒவ்வொரு அளவுகோலும் நல்ல கட்டுரையையும் சுமாரானதையும் உண்மையில் பிரித்துக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். திருத்திய ஒரு வகுப்பின் மதிப்பெண் பட்டியல் போதும்.

என் வகுப்பில் 30 பேர், 'புல்வெளியில் பரவிய சீகை மரங்களை வெட்டலாமா?' என்று எழுதினார்கள். சான்று, வாத வரிசை, மாற்றுக் கருத்துக்குப் பதில், நடை, கையெழுத்து என ஐந்து அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். சான்றைச் சோதிக்க, மற்ற நான்கின் கூட்டுத்தொகைப்படி தாள்களை அடுக்கி, மேலிருந்து எட்டும் கீழிருந்து எட்டும் எடுத்தேன். தேர்வு ஆய்வில் வழக்கமாக எடுக்கும் 27 சதவீதம் அதுதான். சான்றுக்கு மேல் எட்டுப் பேர் சேர்ந்து 26, கீழ் எட்டுப் பேர் 10. வித்தியாசம் 16, எட்டுப் பேருக்கு முழு மதிப்பெண் 32. வகுத்தால் 0.5, நன்றாகவே பிரிக்கிறது. இதே முறையில் கையெழுத்துக்கு வந்தது 22-ம் 20-ம், அதாவது வெறும் 0.06.

சோதிக்கும் அளவுகோலைக் கூட்டுத்தொகையில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் அது தனக்குத் தானே சாட்சி சொல்லும். நடையைச் சேர்த்து அடுக்கியபோது 0.41 வந்தது, விலக்கி அடுக்கினால் 0.19.

நடை ஏன் இப்படி இறங்கியது? பட்டியலைப் பார்த்தால் தெரிந்தது: 30 பேரில் பெரும்பாலோருக்கு 3. 'நல்ல நடை' என்று மட்டும் எழுதியிருந்ததால் எதற்கு 2, எதற்கு 4 என்று பிரிக்க வழியில்லை. இதை நீக்க வேண்டாம், விளக்கத்தைத் திருத்த வேண்டும். கையெழுத்து வேறு கதை. முத்து முத்தான எழுத்தில் 'மரம் நமக்கு நண்பன்' என்பதையே நான்கு விதமாக எழுதிய தாளுக்கு 4. சீகைக்கு அடியில் புல் முளைக்காததைத் தானே போய்ப் பார்த்து எழுதிய கிறுக்கல் தாளுக்கு 1. கட்டுரைத் திறனோடு அதற்குத் தொடர்பே இல்லை.

ஆனால் எண் குறைவு என்றாலே தூக்கிவிடக் கூடாது. எல்லாரும் நன்றாகக் கற்றுக்கொண்ட ஒன்றுக்கும் பூஜ்யம்தான் வரும்; அது பாடம் நடத்தியதன் பலன். எண் அதிகம் என்றாலும் உடனே நம்ப வேண்டாம். ஒரு தாளின் ஐந்து அளவுகோல்களையும் ஒரே மூச்சில் திருத்தினால், முதல் மதிப்பெண்ணின் சாயல் மற்றதிலும் படிந்து எல்லாமே நன்றாகப் பிரிப்பதுபோல் தெரியும். பெயரை மறைத்து, எல்லாத் தாளிலும் முதலில் சான்றை மட்டும், அப்புறம் அடுத்ததை என்று திருத்துங்கள்.

எட்டுத் தாள் சிறிய கூட்டம். ஒரே பிள்ளைக்கு 1-க்குப் பதில் 3 போட்டாலே விடை 0.06 நகரும். எனவே 0.1 அளவு வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்யாமல், இரண்டு மூன்று பள்ளிகளின் பட்டியல்களைச் சேர்த்துப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு வகுப்பின் பட்டியலை, அளவுகோல்வாரியாக, பெயரில்லாமல் கொண்டு வாருங்கள். அதுவரை கையெழுத்துக்கு மதிப்பெண் ஒதுக்குவதை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு தமிழாசிரியர்