அந்த அஞ்சாவது ஆளைத் திருப்பிக் குடுங்க: ஐசிசி கிரிக்கெட் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

ஐசிசி கிரிக்கெட் கமிட்டில இருக்கிற பெரியவங்களுக்கு வணக்கம்.

2025ல நீங்க பண்ண ஒரு விஷயத்துக்கு முதல்ல நன்றி, ஒன்டேல ரெண்டு புது பால் 34 ஓவர் வரைக்கும்தான், அதுக்கப்புறம் ஒரே பால்னு மாத்துனீங்க, பவுலருக்கு கொஞ்சம் மூச்சு வந்துச்சு. ஆனா வேலைல பாதிதான் முடிஞ்சிருக்கு. மீதிப் பாதி 11ல இருந்து 40 வரைக்கும் உள்ள அந்த முப்பது ஓவர்.

முதல் 10 ஓவர் சர்க்கிளுக்கு வெளிய ரெண்டு பேர், கடைசி 10 ஓவர் அஞ்சு பேர், இதுல எனக்கு சண்டை இல்ல. நடுவுல நாலு பேர்தான்னு வச்சிருக்கீங்களே, அதுதான் பிரச்சனை. 2012 அக்டோபர் வரைக்கும் பவர்ப்ளே இல்லாத ஓவர்ல அஞ்சு பேர் வெளிய நிக்கலாம், அப்புறம்தான் நாலாக்குனீங்க. 2015ல அஞ்சாவது ஆளைத் திருப்பிக் குடுத்தீங்க, ஆனா கடைசி பத்து ஓவருக்கு மட்டும்.

ஒரு ஆள்தானே, என்ன ஆகிடப் போகுதுன்னு தோணும். ரைட் ஹேண்டருக்கு ஆஃப் ஸ்பின் போடுற ஒரு பார்ட் டைமரை எடுத்துக்குங்க. லாங் ஆன், டீப் மிட்விக்கெட், டீப் ஸ்கொயர் லெக் மூணும் வேணும், ஏன்னா பால் உள்ள திரும்புது, ஸ்வீப்பும் ஸ்லாக்கும் அங்கதான் போகும். ஆஃப் சைடுல மிச்சம் ஒரே ஆள், ஸ்வீப்பர் கவர்ல வச்சா லாங் ஆஃப் காலி. இப்போ மிட் ஆஃப் சர்க்கிள்ல நிக்கிறான், பேட்ஸ்மேன் ஒரு ஸ்டெப் இறங்கி அவன் தலைக்கு மேல தூக்கினா போதும், சரியா மாட்டலைன்னாலும் நாலு. அதுக்கு பயந்து பவுலர் என்ன பண்றான்? பாலைத் தூக்கிப் போடுறதையே விட்டுட்டு கால் பக்கமா வேகமா குத்துறான். அதே லாங் ஆஃப்ல ஒருத்தன் இருந்தா தைரியமா ஃப்ளைட் குடுப்பான், வா வந்து அடின்னு கூப்பிடுவான், அங்கதான் ஸ்டம்பிங்கும் கேட்ச்சும் வரும். அஞ்சாவது ஆளை டிஃபென்ஸ்னு நினைக்கிறீங்க, ஸ்பின்னருக்கு அவன்தான் அட்டாக்.

2011 உலகக்கோப்பைல யுவராஜ் 15 விக்கெட் எடுத்தது அஞ்சு பேர் வெளிய நிக்கிற காலத்துலதான் (அவர் போட்டது லெஃப்ட் ஆர்ம், ஆனா கணக்கு அதேதான்). நாலு பேர் ரூல் வந்தப்புறம் தோனியே இதைப் பத்தி வெளிப்படையா குறை சொன்னாரு. ஒன்டேல ஐம்பது ஓவரும் நாலு பேர் தாண்டக் கூடாதுன்னு இருந்த சமயத்துல, 2013 நவம்பர்ல இருந்து 2015 மார்ச்சுக்குள்ள, நாலு டபுள் செஞ்சுரி: ரோகித் ரெண்டு, கெயில், கப்டில். அதுக்கு முன்னாடி ஆம்பளைங்க ஒன்டே வரலாறு முழுக்க ரெண்டே ரெண்டுதான். புது பாலும் பெரிய பேட்டும் சேர்ந்துதான் காரணம், ரூல் மட்டும்னு சொல்ல வரல.

சரி, அஞ்சு பேரை விட்டா 15ல இருந்து 40 வரைக்கும் சிங்கிள் சிங்கிளா தட்டிட்டு தூங்க வைப்பாங்களேன்னு கேப்பீங்க. உண்மைதான், அதுக்காகத்தானே நாலாக்குனீங்க. அதுக்கு பதிலும் உங்ககிட்டயே இருந்துச்சு, 2015ல தூக்கிப் போட்டீங்க: பேட்டிங் பவர்ப்ளே. அஞ்சு ஓவர், மூணு பேர்தான் வெளிய, எப்போ வேணும்னு பேட்டிங் டீம் சொல்லணும்.

2011 மார்ச் 12 நாக்பூர் ஞாபகம் இருக்கா? சவுத் ஆப்பிரிக்காவுக்கு எதிரா இந்தியா 267க்கு 1, சச்சின் 111. பேட்டிங் பவர்ப்ளே எடுத்தாங்க, பெரிய ஷாட்டுக்கு போனாங்க, சச்சின் அவுட், அப்புறம் வரிசையா எல்லாரும். 29 ரன்னுக்கு 9 விக்கெட், 296 ஆல் அவுட், ஸ்டெயினுக்கு அஞ்சு. மேட்ச்சும் போச்சு. இந்திய ரசிகனா வயிறு எரிஞ்சுது, ஆனா சர்க்கிளுக்குள்ள ஆள் வந்தா பேட்ஸ்மேனுக்கு ஆசை வரும், ஆசை வந்தா விக்கெட்டும் விழும்னு அன்னிக்கு தெரிஞ்சுது. எப்போ எடுக்கணும்ங்கறதே கேப்டனுக்கு ஒரு சோதனை. நிறைய பேர் பயந்துகிட்டு கடைசி ஓவர்கள் வரைக்கும் தள்ளிப் போட்டாங்க, அதான் 2011 கடைசில 40க்குள்ள முடிச்சிடணும்னு நீங்க சொன்னீங்க, அது நல்ல ரூல்.

அதனால கேக்குறது இவ்வளவுதான். 11-40ல அஞ்சு பேர் வெளிய நிக்கட்டும், அதுக்கு விலையா அதே முப்பது ஓவருக்குள்ள ஒரு அஞ்சு ஓவர் பேட்டிங் டீம் எடுத்துக்கட்டும், அப்போ மூணு பேர்தான். எடுக்காம விட்டா 36ல தானா ஆரம்பிக்கும். 2027 உலகக்கோப்பைக்கு முன்னாடி எதாவது ரெண்டு டீம் ஆடுற சீரிஸ்ல ட்ரையல் பாருங்க, அந்த முப்பது ஓவர்ல ஸ்பின்னர் எத்தனை விக்கெட் எடுக்கறான்னு எண்ணுங்க, எண்ணினதை வெளியவும் போடுங்க.

இப்படிக்கு,
25வது ஓவர்லயும் டிவியை ஆஃப் பண்ணாம பாக்குற ஒரு ரசிகன்