பாலினம் தெரியாதவரைப் பற்றி எழுதும்போது

குடியிருப்புக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நேற்று வாயிலில் கிடந்த பையைப் பற்றிய செய்தியில் “எவனோ விட்டுட்டுப் போயிருக்கான்” என்று எழுதப்பட்டிருந்தது. பையின் உரிமையாளர் ஆணா பெண்ணா என்பது எவருக்கும் தெரியாத நிலையில் “யாரோ ஒருவர் விட்டுச் சென்றிருக்கிறார்” என்பதே பொருந்தும். எழுவாயை மாற்றினால் வினைமுற்றையும் மாற்ற வேண்டும். “ஒருவர் வந்தான்” என்று பாதியில் நிற்கக் கூடாது.

ஆனால் ‘அவர்’ மட்டும் போதாது. எழுத்துத் தமிழில் அது இருபாலருக்கும் பொது என்றாலும், பேச்சில் பெண்ணை ‘அவங்க’ என்றும் ஆணை ‘அவர்’ என்றும் சொல்லிப் பழகிய நம்மில் பலர் அதை ஆணாகவே படிக்கிறோம். புதிதாகக் குடிவந்த மருத்துவரை ‘அவர்’ என்று எழுதியதும் ஒருவர் “அவர் மனைவி எங்கே வேலை செய்கிறார்?” என்று கேட்டது இதனால்தான். அந்த மருத்துவர் ஒரு பெண். ஆகவே ‘மருத்துவர்’, ‘வாடகைக்கு வந்தவர்’ என்ற பெயரையே திரும்ப எழுதுங்கள். தெரியாமல் ‘சார்’, ‘திரு.’ சேர்க்காதீர்கள்.

சிறு குழந்தைக்கு மட்டும் “குழந்தை அழுதது” என்பதே இயல்பு. அதில் அவமதிப்பு இல்லை.