வெறும் இணைப்பை மட்டும் அனுப்பும் எமது நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எமது சனசமூக நிலையத்தின் வட்ஸ்அப் குழுவில் கடந்த மாதம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் முழுக் கதையையும் இங்கே எழுதப் போவதில்லை. கண்புரைச் சத்திரசிகிச்சை முகாமுக்கான பதிவுப் படிவம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, முன்னும் பின்னும் ஒரு சொல் இல்லாமல், வெறும் இணைப்பாகக் குழுவுக்கு வந்தது. மறுநாள் காலை நான் அதன் கீழே "இது என்ன?" என்று கேட்டேன். "திறந்து பாருங்கோ" என்று பதில் வந்தது. அன்று வேலையாகக் கிளிநொச்சிக்குப் போயிருந்த நான் வியாழன் மாலை திறந்து பார்த்தபோது படிவம் மூடப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை நிலைய வாசலில் வைத்து, நிர்வாகத்தை எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்பது முறையல்ல என்று எனக்கு அறிவுரையும் கூறப்பட்டது.

ஆகவே என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இணைப்பை அனுப்பும்போது அது என்ன, யாருக்குரியது, எத்தனையாம் திகதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அவ்வாறு எழுதாத வேளையில், அதன் கீழே கேட்பவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

இதை நான் எனக்காகக் கேட்கவில்லை. என் பெரியம்மாவுக்காகக் கேட்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியையான அவருக்கு இப்போது ஒரு கண்ணில் நிழல் மட்டுமே தெரிகிறது, மற்றக் கண்ணிலும் வெள்ளை படர்ந்து வருகிறது. திரையில் உள்ளதை உரக்க வாசித்துச் சொல்லும் TalkBack என்ற வசதியை அவருடைய மகள் கைத்தொலைபேசியில் போட்டுக் கொடுத்திருக்கிறார். பெரியம்மா தினமும் மாலையில் விறாந்தைக் கதிரையில் அமர்ந்து, விரலால் ஒவ்வொரு செய்தியாகத் தடவித் தடவி, எமது குழுவின் செய்திகள் அனைத்தையும் கேட்பார். வாசிகசாலைக்கு நடந்து வர முடியாத அவருக்கு இப்போது இந்தக் குழுதான் வாசிகசாலை.

சில மாதங்களுக்கு முன்னர் குழுவில் தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கமொன்று பகிரப்பட்டது நினைவிருக்கலாம். பக்கத்தின் தலைப்பு "யாழ்ப்பாணம்", அவ்வளவுதான். ஆனால் குழுவில் வந்தது இது:

```
https://ta.wikipedia.org/wiki/%E0%AE%AF%E0%AE%BE%E0%AE%B4%E0%AF%8D%E0%AE%AA%E0%AF%8D%E0%AE%AA%E0%AE%BE%E0%AE%A3%E0%AE%AE%E0%AF%8D
```

இது பிழையல்ல. இணைய முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே பயணிப்பதில்லை. "யாழ்ப்பாணம்" என்ற சொல்லைக் கணினி ய, கால், ழ, புள்ளி, ப என்று பதினொரு குறிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவை ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்த்து மூன்று எழுத்துகள். எனவே ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்துகள் வீதம், எமது ஊரின் பெயர் 99 எழுத்துகளாகிவிடுகிறது. கண்ணால் பார்ப்பவர் அதை ஒரு நொடியில் கடந்துபோவார். காதால் கேட்பவருக்கு அந்த வழியில்லை. "பெர்சன்ட், ஈ, சைபர், பெர்சன்ட், ஏ, ஈ" என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே போக, பெரியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளை, போன் பழுதாப் போச்சு போல கிடக்கு" என்று என்னை அழைத்தார். நான் விளக்கினேன். அன்றிலிருந்து "எச், டி, டி, பி" என்று குரல் தொடங்கினாலே அடுத்த செய்திக்கு விரலை நகர்த்திவிடுவதென்று அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை இரவு வந்த படிவமும் "எச், டி, டி, பி" என்றுதான் தொடங்கியது. `https://forms.gle/` என்ற முகவரியும், அதன் பின்னால் அர்த்தமற்ற எழுத்துகளும் இலக்கங்களும். கண் தெரியாதவர்களுக்கான அறிவித்தலைக் கண் தெரிந்தவர்கள் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய விதத்தில் அனுப்பியிருக்கிறோம் என்பதை மிகவும் பணிவோடு உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இணைப்பின் கீழே தலைப்பும் படமும் தானாகவே தெரியுமே என்று செயலாளர் அவர்கள் கூறியதாக அறிந்தேன். அந்த முன்காட்சியை உருவாக்குவது அனுப்புபவரின் கைத்தொலைபேசி. இணைப்பை ஒட்டியதும் அது அந்தப் பக்கத்துக்குப் போய்த் தலைப்பை எடுத்துவர ஓரிரு நொடிகள் ஆகும். அதற்குள் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டால் பெறுபவர்களுக்கு வெறும் முகவரி மட்டுமே போய்ச் சேரும். அன்று அப்படி நடக்கவில்லை, முன்காட்சி வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் இருந்த தலைப்பு `Untitled form`. படிவத்தைத் தயாரித்தவர் தலைப்பு எழுத மறந்தால் கூகிள் தானாகவே வைக்கும் பெயர் அது. பெயரில்லாத அந்தப் படிவத்துக்கு 23 பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து நானும் இது ஏதோ விளையாட்டுப் போட்டிக்கான சந்தா விபரமாக்கும் என்றுதான் நினைத்தேன்.

கட்டைவிரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்னொருமுறை ஒரு மரண அறிவித்தலின் இணைப்பு இதேபோல வெறுமையாக வந்தபோது, எம்மவர் இருவர் "வாழ்த்துகள்" என்று பதில் எழுதியதும், மூன்றாமவர் பூங்கொத்து ஒன்றைப் போட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் பூங்கொத்து ஒன்றுதான் தற்செயலாகப் பொருந்தியது. திறந்து பார்க்காமலே பதில் அனுப்பும் கலையில் எமது ஊர் எங்கோ போய்விட்டது. அதற்காக ஆண்டுவிழாவில் ஒரு கேடயம் வழங்குவதைப் பற்றியும் சபை யோசிக்கலாம்.

மன்னிக்கவும். விடயத்துக்கு வருகிறேன்.

"திறந்து பாருங்கோ" என்பது ஏன் பதிலாகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருவரிடம் ஏதோ சாட்டுச் சொல்லி, வட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்க எண்ணை வாங்கி அவருடைய கணக்கைக் களவாடுபவர்கள், அடுத்து அந்தக் கணக்கிலிருந்தே அவருடைய நண்பர்களுக்கு இணைப்புகளை அனுப்புகிறார்கள். பெயரும் படமும் எமக்குத் தெரிந்தவருடையவை. வெறும் இணைப்பாக வரும்போது செயலாளர் அனுப்பியதற்கும் களவாடியவர் அனுப்பியதற்கும் எந்த வேறுபாடும் தெரிவதில்லை. முகவரியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். ஓரளவுக்கு முடியும். `https://health.gov.lk.example.com/form` என்று ஒன்று வந்தால், இரட்டைக் கோட்டுக்குப் பிறகு வரும் முதலாவது ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இடப்பக்கமாக வாசிக்க வேண்டும். அங்கே இருப்பது `example.com`. எனவே முன்னால் `health.gov.lk` என்று இருந்தாலும் அது சுகாதார அமைச்சின் பக்கமல்ல. ஆனால் `forms.gle` போன்ற முகவரி, படிவம் கூகிளில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அதைத் தயாரித்தவர் யார் என்று சொல்லாது. அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கும் படிவத்தை எவரும் தயாரிக்கலாம். அதனால்தான் கேட்டேன். சந்தேகம் வலுவாக இருந்தால் குழுவில் கேட்பதும் போதாது, களவாடியவரே "ஓம், நான்தான்" என்று எழுதிவிடலாம். அனுப்பியவருக்குத் தொலைபேசியில் அழைத்து, அவருடைய குரலிலேயே கேட்க வேண்டும்.

என்மீதும் பிழை இருக்கிறது. "இது என்ன?" என்ற இரண்டே சொற்கள் சண்டைக்கு வந்ததுபோல ஒலித்திருக்கலாம். இப்போது எழுதுவதானால், அந்தச் செய்தியை வலப்பக்கமாக இழுத்து, அதையே மேற்கோளாக வைத்து, "ஐயா, இந்தப் படிவம் எதற்கானது? யார் நிரப்ப வேண்டும்? கடைசித் திகதி எது?" என்று எழுதியிருப்பேன். மேற்கோளாக வைக்காமல் கேட்டால், இடையில் பத்துப் பிறந்தநாள் வாழ்த்துகள் வந்துவிட்ட பின்னர் எந்த இணைப்பைப் பற்றிக் கேட்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. அதேபோல, திறந்து பார்த்த 23 பேரில், அதாவது உண்மையாகவே திறந்து பார்த்தவர்களில், ஒருவராவது அந்த இணைப்பை மேற்கோள் காட்டி, "கண்புரை முகாம் பதிவு, வியாழன் நண்பகல் வரை" என்று எழுதியிருந்தால், டோக்பாக்கின் குரல் அந்த வரியைப் பெரியம்மாவுக்கு நல்ல தமிழில் வாசித்துக் காட்டியிருக்கும். ஐந்தாறு சொற்கள்தான். அவர் உடனே என்னை அழைத்திருப்பார்.

பின்னர் தேடிப் பார்ப்பவருக்கும் அந்த வரி வேண்டும். வியாழன் இரவு நான் குழுவின் தேடல் பெட்டியில் "கண்" என்றும் "முகாம்" என்றும் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அந்தச் சொற்களை யாருமே எழுதவில்லையே.

அவசரத்தில் வெறும் இணைப்பு போய்விட்டாலும் பரவாயில்லை. அனுப்பிய 15 நிமிடங்களுக்குள் அதே செய்தியைத் திருத்தி ஒரு வரி சேர்க்க வட்ஸ்அப் இடம் தருகிறது. அந்த நேரமும் கடந்துவிட்டால், தாமே தமது செய்தியை மேற்கோள் காட்டிப் பதிலாக எழுதலாம். எப்படி எழுதுவதென்று சபை கேட்டால், அன்றைய செய்தியையே உதாரணமாகத் தருகிறேன்: "கண்புரைச் சத்திரசிகிச்சை முகாமுக்கான பதிவு. கண் பார்வை மங்கிய முதியோருக்குரியது. வியாழன் நண்பகல் 12 மணிக்கு முன்னர் நிரப்பவும். நிரப்ப முடியாதவர்கள் செயலாளரை அழைக்கவும்." இதன் கீழே இணைப்பு. கடைசி வாக்கியம் மிக முக்கியமானது, ஏனெனில் யாருக்காக அந்த முகாமோ அவர்களில் பலர் படிவத்தைத் தாமாக நிரப்பக்கூடிய நிலையில் இல்லை.

ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். இணைப்போடு ஒரு வரி எழுதுங்கள். எழுதப்படாதபோது கேட்பவருக்குப் பதில் சொல்லுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கித் தருமாறும் தயவுடன் வேண்டுகிறேன்.

முகாமை நடத்துபவர்களோடு செயலாளர் அவர்களுக்குத் தொடர்பு இருப்பதால், அடுத்த முறைக்கான பட்டியலில் பெரியம்மாவின் பெயரைச் சேர்க்க முடியுமா என்று ஒருமுறை கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாவேன். பதிலைக் குழுவில் எழுதுவதானால் தயவுசெய்து சொற்களில் எழுதுங்கள். அவர் மாலையில் கேட்டுக்கொண்டிருப்பார்.

இங்ஙனம்,
நிலையத்தின் சந்தா செலுத்தும் ஓர் உறுப்பினர்,
யாழ்ப்பாணம்.