அறைக்கு ஒரு சரம், மூன்று மாலை

மதிப்புக்குரிய விடுதி உரிமையாளர் சேட்டனுக்கும் வார்டன் சேச்சிக்கும்,

வணக்கம். உங்கள் இருவருக்கும் தமிழ் நன்றாக வாசிக்க வரும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். கஞ்சிக்கோட்டில் வேலைக்கு வந்து உங்கள் விடுதியில் தங்கியிருக்கும் பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பிள்ளைகள் எல்லாருக்காகவும்தான் இது.

தீபாவளி விடியற்காலையில் நடந்தது உங்களுக்கே தெரியும். இரண்டாம் மாடியில் கரண்ட் போனது. சேச்சி டார்ச்சோடு மேலே வந்தார். எங்கள் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த சீரியல் செட்டைக் கழற்றிச் சுருட்டி, "இதுதான் காரணம்" என்று எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலையே நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியாகிவிட்டது: அறைகளில் எந்த அலங்கார விளக்கும் கூடாது, மீறினால் அட்வான்ஸில் 500 ரூபாய் பிடித்தம்.

இப்போது கார்த்திகை வருகிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான். கார்த்திகையை ஒட்டிய மூன்று நாள், மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை, அறைக்கு ஒரு விளக்குச் சரம் கட்டிக்கொள்ள அனுமதி கொடுங்கள்.

அன்று தானாக விழுந்து கரண்டை நிறுத்திய எம்சிபி சுவிட்சைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நான் பகலெல்லாம் பேனல் போர்டு வயரிங் செய்து பிழைக்கிறவள். ஆகையால் காரணம் என்று சொல்லப்பட்டதை அப்படியே விழுங்க முடியவில்லை. எங்கள் அறையும் பக்கத்து இரண்டு அறைகளும் ஒரே 10 ஆம்பியர் எம்சிபியில் இருக்கின்றன. அன்று காலை ஐந்தரைக்கு மூன்று அறையிலும் தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தோம். ஓர் அறையில் 1500 வாட் கெட்டில், அடுத்ததில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ், மூன்றாவதில் 1200 வாட் ஹேர் டிரையர். கூட்டினால் 3700 வாட். 230 வோல்ட்டில் அது 16 ஆம்பியர். 10 ஆம்பியர் எம்சிபி அதைச் சில நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு விழும். அதன் வேலையே அதுதான்.

எங்கள் சீரியல் செட் 6 வாட். அந்த ஒரு கெட்டிலுக்கு ஈடாக 250 செட் மாட்ட வேண்டும். செட்டில் ஷார்ட் இருந்திருந்தால் பிளக்கைச் சொருகிய நொடியிலேயே எம்சிபி விழுந்திருக்கும். அதுவோ முந்தின நாள் மாலையெல்லாம் ஒன்றும் ஆகாமல் எரிந்தது. சேச்சி செட்டைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைத் தூக்கியதும் கரண்ட் வந்து நிலைத்தது உண்மைதான். ஆனால் அதற்குள் இருட்டில் பயந்து எல்லாரும் கெட்டிலையும் டிரையரையும் பிடுங்கியிருந்தோம். அதைச் சொல்லாமல் இருந்தது எங்கள் தப்பு. இதற்கு மேலும் சந்தேகமிருந்தால், இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே எம்சிபி மறுபடி விழுந்ததை நினைவுபடுத்துகிறேன். அன்று எங்கள் சீரியல் செட் உங்கள் ஆபீஸ் ரூம் டிராயருக்குள் பத்திரமாக இருந்தது.

அதற்காகச் சீரியல் செட்டில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கைப்பற்றிய செட் சுவர் பாயிண்டில் நேராக மாட்டுகிற வகை. அதில் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லை. மயிர் போல மெல்லிய அந்த வயர் நெடுக 230 வோல்ட்டின் தொடர்பு இருக்கிறது. ஜன்னல் கதவில் நசுங்கி மேல்தோல் உரிந்தாலோ, ஒரு பல்பின் மூடி உடைந்தாலோ, தொடுகிறவருக்கு ஷாக்தான். கார்த்திகை மாதத்துச் சாரல் வேறு. அதைத் தடுத்தீர்களென்றால் எங்களுக்குப் புகார் இல்லை. நாங்கள் கேட்பது 5 வோல்ட் சரம், போன் சார்ஜரில் மாட்டுவது. அதன் வயர் உரிந்திருந்தாலும் தொட்ட கையில் ஷாக் அடிக்காது. அரை மணி நேரம் எரிந்தபின் சார்ஜரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கை வைக்க முடியாமல் சுட்டால் நாங்களே கழற்றிக் குப்பையில் போடுகிறோம்.

ஆனால் அந்தச் சார்ஜரை எங்கே மாட்டுவது? எங்கள் அறையில் மூன்று பேருக்கு ஒரே பிளக் பாயிண்ட், அதுவும் கதவுக்குப் பின்னால். கதவைத் திறந்தால் சார்ஜர் இடிபட்டுக் கழன்று விழும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குத் தடை. ஆகையால் முறை வைத்துச் சார்ஜ் போடுகிறோம்: ஆறரையிலிருந்து எட்டு வரை நைட் ஷிப்ட் அக்கா, எட்டிலிருந்து ஒன்பதரை நான், அதன்பின் கல்லூரிக்குப் போகும் தங்கச்சி. போன மாதம் யாரோ கதவைத் திறந்ததில் அக்காவின் சார்ஜர் கழன்றிருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. ராத்திரி ஷிப்டுக்குப் போன இடத்தில் ஒரு மணிக்குப் போன் அணைந்துவிட்டது. ஊரில் அவருடைய அம்மா விடிய விடிய போட்டுப் பார்த்து, ஐந்து மணிக்கு என் நம்பரைக் கூப்பிட்டு அழுதார். மூன்று பேரிடம் மாதாமாதம் வாடகை வாங்குகிற அறைக்கு ஒரு பிளக் பாயிண்ட் என்று யார் கணக்குப் போட்டார்களோ தெரியவில்லை.

ஆகவே அந்தப் பாயிண்டையும் நாங்கள் கேட்கவில்லை. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று எங்களிடம் இருக்கிறது. 5 வாட் சரத்தை மூன்று மணி நேரம் எரித்தால் ஏறக்குறைய பாதிதான் தீரும். அதை நான் வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் போட்டுக் கொண்டுவருகிறேன். உங்கள் மீட்டர் இதற்காக ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. ஆணி அடிக்க மாட்டோம். பெயிண்ட் உரிகிற செலோடேப் ஒட்ட மாட்டோம். நூலால் ஜன்னல் கம்பியில் கட்டுவோம், உள்பக்கமாக. அகல் விளக்கை அறைக்குள் ஏற்ற மாட்டோம். கொசுவலையும் திரைச்சீலையும் இருக்கிற இடத்தில் அது கூடாது என்பது எங்களுக்கே தெரியும்.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். போன டிசம்பரில் நம் வாசல் கேட்டில் ஒரு பெரிய ஸ்டார் தொங்கியது. அதற்குப் பிளக்கே கிடையாது. இரண்டு வயர் முனையைச் சாக்கெட் துளையில் விட்டு, தீக்குச்சியைச் சொருகி இறுக்கியிருந்தது. மழை பெய்த ராத்திரியிலும் அது ஜோராக எரிந்தது. அதற்கு யாருடைய அட்வான்ஸில் 500 ரூபாய் பிடித்தார்கள்? கேட்டை ஈரக் கையோடு திறந்து உள்ளே வந்தவர்கள் நாங்கள்தான். இதோடு மாடியில் தண்ணீர் வராத காலைகள், எட்டு மணிக்குப் பூட்டுகிற மொட்டை மாடி என்று ஆரம்பித்தால் கடிதம் நீண்டுவிடும். விடுங்கள்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் படியிலும் திருக்கார்த்திகைக்கு விளக்கு வரிசையாக எரிந்ததைப் போன வருஷம் மேலிருந்து பார்த்தோம். அதே நாளில் எங்கள் ஜன்னலில் ஒரு சரம் எரியட்டும் என்றுதான் கேட்கிறோம். மூன்று மாலை, ஆறிலிருந்து ஒன்பது, அறைக்கு ஒன்று. நோட்டீஸில் 'எந்த அலங்கார விளக்கும்' என்பதை 'சுவர் பாயிண்டில் நேராக மாட்டும் அலங்கார விளக்கு' என்று திருத்தினால் போதும். கெட்டிலைக் கீழே சமையலறையின் 16 ஆம்பியர் பாயிண்டுக்கு மாற்றித் தந்தால் எம்சிபி விழுவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

டிராயரில் இருக்கும் பழைய செட்டை இங்கே மாட்ட மாட்டோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கொடுத்தால் போதும், சேச்சி. அது அம்மாவுடையது.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி, ஜன்னல் பக்கத்துக் கட்டில்காரி