வயதுக் கட்டத்தில் எதை எழுதச் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள எங்கள் ஊராட்சியில், 60 வயது நிறைந்தவர்களுக்கு வீட்டிலேயே கண், சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை செய்வதற்காக 2026 பிப்ரவரியில் ஒரு தன்னார்வக் குழுவினர் பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள். 2001, 2011 ஆகிய இரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் ஆசிரியப் பணியோடு கணக்கெடுப்பாளராகவும் வீடு வீடாகப் போனவன் என்பதால் என்னையும் துணைக்கு அழைத்தார்கள். அவர்களுடைய படிவத்தில் பெயர், கைபேசி எண், தெரு, 'ஆதாரில் உள்ள பிறந்த தேதி' என்று நான்கு கட்டங்கள் இருந்தன. நான்காவது கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மூன்றாவது வீட்டில் ஓர் அம்மாள் ஆதார் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். அதில் 01/01/1968 என்று இருந்தது. கணக்குப்படி 58 வயதுதான் நிறைந்திருந்ததால், உடன் வந்த இளைஞர் அவர் பெயரை எழுதாமலே எழுந்துவிட்டார். நான் மட்டும் இருந்து பேச்சுக் கொடுத்தேன். "தனுஷ்கோடிப் புயல் அடிச்ச மார்கழியில நான் அஞ்சு மாசக் கைப்பிள்ளைன்னு எங்கம்மா சொல்லும்" என்றார். அந்தப் புயல் 1964 டிசம்பர் 22-23இல் அடித்தது. அது குரோதி ஆண்டு மார்கழி. ஐந்து மாதம் பின்னால் போனால் அதே ஆண்டின் ஆடி வருகிறது. ஆகவே அன்றைக்கு அவருக்கு 61 வயது நிறைந்து ஆறேழு மாதங்கள் ஆகியிருந்தன. அட்டையில் 1968 எப்படி வந்தது என்று கேட்டதற்கு, 2012இல் பதிவு செய்யப் போனபோது கையில் எந்தச் சான்றும் இல்லை என்றும், "நாற்பத்துநாலு இருக்கும்" என்று மகன் சொன்னதை அப்படியே பதிந்துகொண்டார்கள் என்றும் சொன்னார். 2012இல் 44ஐக் கழித்ததால் 1968 வந்திருக்கிறது. நாளும் மாதமும் தெரியாததால் ஜனவரி முதல் தேதி விழுந்திருக்கிறது. மகன் குத்துமதிப்பாகச் சொன்ன ஒரு வயது, நாள், மாதம், ஆண்டு என்று மூன்று உறுப்புள்ள தேதியாக உருமாறி, பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அம்மாளைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது.

தேதியாகக் கேட்டால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கை பிறப்புச் சான்றிதழ் உள்ள தலைமுறைக்குப் பொருந்தும். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல்தான் வந்தது. இன்று அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்குப் பிறந்த தேதி என்பது பிறகு யாரோ எழுதிக் கொடுத்ததாகவே இருக்கும். என் வயதொத்தவர்களைப் பள்ளியில் சேர்த்தபோது, தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட முடிகிறதா என்று பார்த்துவிட்டு, ஐந்து வயது நிறைந்ததாகக் காட்டும் ஏதோ ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொண்டார். ஆதார் அட்டை பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்பதை அதை வழங்கும் ஆணையமே சொல்லியிருக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வயதை முடிவு செய்யப் பள்ளிச் சான்றிதழையே ஏற்றது. ஒரு பட்டியலில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. உண்மையான பிறந்த நாள்கள் ஆண்டு முழுவதும் பரவியிருக்கும் என்பதால், ஜனவரி முதல் தேதியில் ஏறக்குறைய 365இல் ஒருவர்தான் இருக்க வேண்டும். முந்நூறு பேர் பட்டியலில் இருபது முப்பது பேர் அந்த ஒரே நாளில் பிறந்திருந்தால், அங்கே எழுதப்பட்டிருப்பவை தேதிகளே அல்ல, தேதி வேடம் போட்ட மதிப்பீடுகள்.

அப்படியானால் பிறந்த ஆண்டை மட்டும் கேட்கலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஆண்டு பழசாகாது என்பது உண்மை. 62 என்று எழுதி, எடுத்த தேதியைக் குறிக்காமல் விட்ட தாள் இரண்டே ஆண்டில் பயனற்றதாகிவிடும். 1964 என்பது அப்படி ஆகாது. ஆனால் ஆண்டிலிருந்து ஆண்டைக் கழித்து வயது கண்டால், எந்த மாதத்தில் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பிழை மாறும். வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாளான 2027 மார்ச் 1ஐ எடுத்துக்கொள்வோம். 1967இல் பிறந்தவர்களுக்கு 2027-1967 = 60 என்று கணக்கு வரும். ஆனால் அன்றைக்கு 60 நிறைந்திருப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களும் மார்ச் முதல் நாள் பிறந்தவர்களும் மட்டுமே. மற்ற பத்து மாதங்களில் பிறந்தவர்கள், அதாவது ஏறக்குறைய ஆறில் ஐந்து பேர், இன்னும் 59இல்தான் இருப்பார்கள். இதே கழித்தலை டிசம்பர் இறுதியில் செய்தால் பிழை அநேகமாக இல்லாமல் போகும். எனவே ஆண்டைக் கேட்கிறவர்கள் 'இந்த ஆண்டுப் பிறந்த நாள் வந்துவிட்டதா' என்ற இரண்டாவது கேள்வியையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

நிறைந்த வயதைக் கேட்பதில் இடறுவது நம் பேச்சு வழக்கு. நம் ஊரில் "அறுபது நடக்கிறது" என்றால் 59 நிறைந்திருக்கிறது என்று பொருள். "வயது என்ன?" என்று மட்டும் கேட்டால் ஒருவர் நடக்கும் வயதைச் சொல்வார், இன்னொருவர் முடிந்த வயதைச் சொல்வார், தாளில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். "எத்தனை முடிந்தது?" என்று கேட்பதே சரி. 2011 படிவத்தில் பிறந்த தேதி, கடைசிப் பிறந்த நாளில் நிறைந்த வயது ஆகிய இரண்டையும் கேட்டோம். ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது மறுபடி பேசிச் சரிசெய்ய அந்த இரட்டைக் கேள்வி உதவியது.

இன்னொரு குறை, வயது தெரியாதவர்கள் 0, 5 ஆகிய எண்களில் முடியும் வயதைச் சொல்லிவிடுவது. இதை அளக்க மக்கள்தொகை இயலார் விப்பிள் குறியீட்டைப் பயன்படுத்துகிறார்கள். 23 முதல் 62 வரையிலான நாற்பது வயதுகளில் 25, 30 என்று தொடங்கி 60 வரை எட்டு வயதுகள் 0 அல்லது 5இல் முடிகின்றன; அது ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே அந்த வயதுக்குள் 400 பேர் இருந்தால் 80 பேர் அந்த எட்டு வயதுகளில் இருப்பது இயல்பு. அப்போது குறியீடு 100. அதே இடத்தில் 120 பேர் இருந்தால் குறியீடு 150. ஐக்கிய நாடுகள் அவையின் வகைப்பாட்டில் அது கரடுமுரடான தரவு. எல்லோருமே அப்படிச் சொன்னால் 500 ஆகும். பிறந்த ஆண்டைக் கேட்டால் இந்தக் குவியல் மறைந்துவிடும் என்று நினைப்பது தவறு. 2027 கணக்கெடுப்பில் "அறுபது" என்று சொன்னவரின் ஆண்டைக் கணக்கெடுப்பாளரே கழித்துப் போட்டுவிடுவார் என்பதால், குவியல் அப்படியே 1967க்கு இடம் மாறும். 1967 உருண்டை எண் அல்ல என்பதால், அங்கே குவியல் இருப்பது யார் கண்ணிலும் படாது. என் பார்வையில் இது அதிகக் கெடுதல், ஏனென்றால் வயதாக எழுதிய பிழையைக் கண்டுபிடிக்கவாவது முடியும்.

வயதுப் பிரிவு, அதாவது 50-59, 60-69 என்று கேட்பது, வயதைச் சரியாகச் சொல்லத் தயங்குகிறவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் எளிது. ஆனால் நம் பிரிவுகளெல்லாம் குவியல் விழும் இடத்திலேயே தொடங்குகின்றன. உண்மையில் 58 வயதானவர் "அறுபது" என்றால் மேல் பிரிவுக்குப் போய்விடுகிறார். 58-62 என்பதுபோல் உருண்டை எண்ணை நடுவில் வைத்துப் பிரித்தால் அந்தப் பிழை பிரிவுக்குள்ளேயே அடங்கும். தகுதி வயது 60 என்று விதி இருக்கும்போது அப்படிப் பிரிக்க வழியில்லை. அந்த எல்லையின் இரு பக்கமும் இருப்பவர்களிடம் மட்டும் புயல், தேர்தல், கல்யாணம், தலைப்பிள்ளை என்று விசாரித்து வயதை முடிவு செய்ய வேண்டும். 20-30, 30-40 என்று ஒரே எண்ணை இரு கட்டங்களில் அச்சிடுகிற படிவங்களை இன்றும் பார்க்கிறேன். 30 வயதுக்காரர் எதில் குறிப்பார்?

துல்லியத்தைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது அந்தரங்கம். தரவிறக்கும் மின்-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளோடு பிறந்த ஆண்டைச் சேர்த்தது. மீனாட்சி என்ற பெயருக்கு ஆண்டு 1968 என்றால் அது MEEN1968. அந்தக் கோப்பு பிரிண்ட் எடுக்கும் கடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் கிடக்கிறது. பெயரும் பிறந்த ஆண்டும் கைபேசி எண்ணும் ஒரே வரிசையில் உள்ள தாளைத் தேநீர்க் கடை மேசையில் வைத்துவிட்டுப் போவது, பூட்டையும் சாவியையும் சேர்த்து வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

பெயரை நீக்கிவிட்டாலும் ஆள் மறைவதில்லை. 1990ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்புத் தரவைக் கொண்டு லடான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர், பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்று மட்டுமே அந்நாட்டினரில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காட்டக்கூடும் என்று 2000இல் மதிப்பிட்டார். பிறகு வந்த மற்றோர் ஆய்வு அதைக் குறைத்தது என்றாலும் பெரும்பான்மை என்பது மாறவில்லை. நம் ஊர் அளவில் பார்ப்போம். ஆயிரத்து ஐந்நூறு பேர் உள்ள ஊரில் 61 வயதானவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். அவர்களில் பெண்கள் ஐந்தாறு பேர். தெருவையும், சர்க்கரை நோய் உண்டு என்பதையும் சேர்த்தால், மிஞ்சுகிறவர் இன்னார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதையே 60-69 என்று எழுதினால் அந்த ஒருவர் பல பேருக்குள் மறைகிறார். எண்பதைத் தாண்டியவர்கள் ஒரு வயதுக்கு ஒருவர் இருவரே இருப்பார்கள் என்பதால், அறிக்கையில் '80ம் அதற்கு மேலும்' என்று ஒரே பிரிவாகச் சேர்த்துவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் குழுவிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார்கள். ஒருமுறை மட்டும் நடக்கும் பரிசோதனைக்குப் பிறந்த தேதி எதற்கும் பயன்படாது என்பதால் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, 'நிறைந்த வயது', 'விசாரித்த தேதி' என்ற இரு கட்டங்களை வைத்தோம். பெயரும் கைபேசி எண்ணும் தனித்தாளில் போயின. இரண்டு தாளுக்கும் பொதுவாக ஒரு வரிசை எண் மட்டும் இட்டோம். 55 முதல் 64 வரை சொன்ன வீடுகளுக்கு மறுபடி போய், புயலையும் வருஷப் பெயரையும் வைத்து விசாரித்தோம். ஆண்டுதோறும் திரும்பிப் பார்க்க வேண்டிய பட்டியலாக இருந்திருந்தால் பிறந்த ஆண்டையே வைக்கச் சொல்லியிருப்பேன், பெயர்த்தாளைப் பூட்டி வைக்கும் நிபந்தனையோடு. அந்த அம்மாளின் வரிசையில் இப்போது 61 என்று இருக்கிறது. ஓரத்தில் 'குரோதி, ஆடி' என்று பென்சிலால் குறித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ராமநாதபுரம் மாவட்டம்.