புலமைப்பரிசில் விண்ணப்பம்: வருமானக் கடிதத்தை முதலில் எடுங்கள்

வணக்கம் பிள்ளைகள். வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு இது.

கட்டுரையைத் தொடங்க முன்னர் விதானையாரிடம் வருமானக் கடிதம் கேளுங்கள். பிரதேச செயலாளரின் கையொப்பமும் கேட்டால் நாள் இழுபடும். முடிவுத் திகதி 30 என்றால் 10ஆம் திகதிக்குள் கடிதம் கையில் இருக்கட்டும். "30க்கு முன் கிடைக்க வேண்டும்" என்று போட்டிருந்தால் 24க்குள் பதிவுத் தபாலில் சேருங்கள்.

கூடுதலாகப் பிழைப்பது தொகையில்தான். கடிதத்தில் மாதம் 25,000 ரூபா, படிவத்தில் ஆண்டுக்கு 240,000 என்றிருந்தால் பொருந்தாது. 12 மாதத்துக்கு 300,000 வரவேண்டும். நெல்லுக் காசு மாதாமாதம் வருவதில்லை. காலபோகம், சிறுபோகம் இரண்டையும், கூலி வேலையையும் கூட்டி ஆண்டுத் தொகையாகவே கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால் சத்தியக் கடதாசி இணையுங்கள். இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம்.

அப்புறம் கட்டுரை. "வறுமையில் வாடினோம்" என்று பொதுவாக எழுத வேண்டாம். அறுவடை நாட்களில் கதிர் அள்ளிவிட்டு இரவு எத்தனை மணிக்குப் படித்தீர்கள், கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாதபோது என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லாததை ஒரே வரியில் சொன்னால் போதும். பிறகு பணம் எதற்கென்று நேராக எழுதுங்கள்: விடுதி, சாப்பாடு, பஸ் காசு.

அனுப்ப முன்னர் படிவத்தைப் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம். தொகையையும் பெயரையும் பார்த்துச் சொல்கிறேன்.