பொதுச்சுவருக்கு அப்பால் இருப்பவர்களுக்கு

எங்கள் தெருவினருக்கும், குறிப்பாகப் பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

ஜூலை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில், செவ்வாய்க்கிழமை எங்கள் குளியலறையைப் பிரிக்கத் தொடங்குகிறோம். சாட்ஸ்வொர்த் இரட்டை வீடுகளில் ஒரு பக்கம் ஆணி அடித்தாலே மறுபக்கம் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நாங்கள் தரப்போகும் தொல்லைக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

வேலை மூன்று வாரம் நடக்கும். செவ்வாயும் புதனும்தான் மோசம். அன்று பழைய டைல்ஸை உடைக்கிறோம். காலை 8 முதல் 12 வரை, பிறகு 1.30 முதல் 4 வரை. ஆடி மாதம் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் கஞ்சி வார்க்கும் வீடுகளுக்கு இடைஞ்சலாக எந்த இயந்திரமும் ஓடாது. சனி, ஞாயிறும் இல்லை.

மின்சார உடைப்பானின் அதிர்வு செங்கல் வழியே நேராக உங்கள் பக்கத்துப் பூச்சுக்கு வந்துவிடும். அதனால் பொதுச்சுவரில் மட்டும் கையுளியும் சுத்தியலும்தான். அதற்கு முன் மூலைகளில் கிரைண்டரால் ஒரு கோடு வெட்டுவோம். வெட்டாமல் நெம்பினால் அடுத்த சுவரின் பூச்சும் சேர்ந்து பெயரும். தண்ணீர்க் குழாய்க்காக அந்தச் சுவரைக் குடையவும் மாட்டோம்; குழாய்கள் எதிர்ச்சுவரில் போகின்றன. காற்றாடிக்கான துளையும் வெளிச்சுவரில்தான். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்பதால் அதைத் தொடவே போவதில்லை.

திங்கள் மாலை ஐந்து நிமிடம் உங்கள் வீட்டுக்கு வர அனுமதி வேண்டும். சுவரை விரலால் தட்டிப் பார்த்தால், பூச்சு ஏற்கெனவே விட்டிருக்கும் இடம் வெற்றொலி தரும். உதிர்வது பெரும்பாலும் அங்கேதான். இருக்கும் விரிசல்களின் நுனியில் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதி, படம் எடுத்து உங்களுக்கும் ஒரு பிரதி தருவோம். விரிசல் கோட்டைத் தாண்டினால் சரிசெய்யும் செலவு எங்களுடையது. சாமி படங்களையும் கண்ணாடிகளையும் அந்த இரண்டு நாள் சுவரிலிருந்து இறக்கி வையுங்கள்.

நீர்த்தடுப்புப் பூச்சு சத்தமில்லாத வேலை. ஆனால் அது காய்ந்தபின் வடிகாலை அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் சோதிப்போம். இரண்டாம் வாரம் புதன் காலை தொடங்கி வியாழன் காலை வடித்துவிடுவோம். அப்போது உங்கள் பக்கம் சுவரடியில் ஈரம் தெரிந்தால் இரவானாலும் கதவைத் தட்டுங்கள். டைல்ஸ் ஒட்டியபின் கசிவு தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டியிருக்கும். உங்களுக்கும் இன்னொரு செவ்வாய், புதன்!

மூன்றாம் வாரம் டைல்ஸ் வெட்டுவது முற்றத்தில், தண்ணீர் விட்டு. தூசு பறக்காது, கீச்சொலி இருக்கும். இடிபாட்டுத் தொட்டி முதல் வாரம் எங்கள் வாசலிலேயே நிற்கும். யார் வண்டிப்பாதையையும் மறிக்காது.

இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர்களோ கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். உடைக்கும் நேரத்தை அதற்கேற்ப மாற்ற முடியும்.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டார்